தலைமாட்டுக்கு ஆறு அங்குலம்

நெஞ்செரிச்சல் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை மணிக்கு எரியுது?" என்பதுதான். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் எரிகிறது, நாலு எட்டு நடந்தால் அடங்கிவிடுகிறது என்றால் அது ஒரு வகை. படுத்துக் கண்ணயர்ந்த பிறகு, ராத்திரி ஒரு மணி ஒன்றரை மணிவாக்கில் தொண்டை வரை புளித்த தண்ணீர் ஏறுகிறது, இருமிக்கொண்டே எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது, விடிந்தால் குரல் கம்மியிருக்கிறது என்றால் அது வேறு வகை. இந்த இரண்டாவது வகையினருக்கு மருந்துச் சீட்டு எழுதுகிற கையோடு அவர்கள் படுக்கும் கட்டிலைப் பற்றியும் விசாரித்துவிடுவேன். அந்த விசாரணைக்கு மாத்திரையைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த நேரம் வீண்போனதில்லை.

எங்கள் ஆலங்குளம், அரசு சிமென்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு. ராஜபாளையத்து நூற்பாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வருகிறவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. இரண்டாம் ஷிப்ட் முடிந்து வீடு சேரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடும். வழியில் கடையில் நாலு பரோட்டா, சால்னா, ஓர் ஆம்லெட். வயிறு கனக்கிறது என்று மேலே ஒரு சோடா. வீட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இருந்தால் அதிலும் ஒரு துண்டு. பிறகு நேராகப் படுக்கைதான். நடுராத்திரி நெஞ்சு கரிப்பதற்கு வேண்டிய எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடுகின்றன.

உணவுக்குழாய் ஏறக்குறைய இருபத்தைந்து சென்டிமீட்டர் நீளம். அது இரைப்பையில் சேருகிற இடத்தில் வளையமாக ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், மற்ற நேரம் இறுகியிருக்கும். ஆனால் விழுங்காதபோதும் அது அவ்வப்போது தானாகச் சில விநாடிகள் தளரும். இது நோயில்லை, எல்லோருக்கும் நடப்பது. சாப்பாட்டோடு உள்ளே போன காற்றை ஏப்பமாக வெளியேற்ற உடம்பு வைத்திருக்கிற வழி அது. வயிறு எவ்வளவு புடைத்திருக்கிறதோ அவ்வளவு அடிக்கடி தளரும். சோடா குடித்தால் ஏப்பம் வருவதும், வந்ததும் சுகமாக இருப்பதும் இதனால்தான். அந்த ஏப்பத்தோடு அமிலமும் சேர்ந்து வந்துவிடும் என்பதுதான் சோடாவில் உள்ள சிக்கல்.

நாம் நிமிர்ந்து இருக்கும்போது இரைப்பையில் காற்று மேலே, திரவம் கீழே. வளையம் தளர்ந்தால் பெரும்பாலும் காற்றுதான் போகும். மல்லாந்து படுத்ததும் இந்த ஏற்பாடு மாறிவிடுகிறது. காற்று வயிற்றின் முன்பக்கம் போய்விட, வளையம் இருக்கிற இடத்தில் திரவம் வந்து நிற்கிறது. அதே தளர்வு, அதே சில விநாடிகள்; இப்போது ஏறுவது அமிலம்.

ஏறுவது பாதிக் கதைதான். ஏறியது எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதுதான் மீதிப் பாதி. இரவுக்கும் பகலுக்கும் உள்ள பெரிய வித்தியாசமும் அங்கேதான் இருக்கிறது. பகலில் அமிலம் ஏறினால் உணவுக்குழாய் ஒருமுறை மேலிருந்து கீழாகச் சுருங்கி அதைத் தள்ளிவிடும். நிமிர்ந்திருப்பதால் பாதி வேலையைப் புவியீர்ப்பே செய்துவிடும். குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்ச அமிலத்தை நாம் விழுங்குகிற எச்சில் கழுவிவிடும். எச்சிலில் இருக்கும் பைகார்பனேட் அமிலத்தைச் சமன்படுத்தக்கூடியது. விழித்திருக்கும்போது நாம் நினைக்காமலே அடிக்கடி எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கிறோம்.

தூக்கத்தில் இவை ஒவ்வொன்றாக விலகிக்கொள்கின்றன. எச்சில் ஊறுவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. விழுங்குவது மணிக்குச் சில தடவை என்று குறைந்துவிடுகிறது. படுத்திருப்பதால் புவியீர்ப்பின் உதவியும் இல்லை. போதாக்குறைக்கு, இரைப்பை தானாக அமிலம் சுரப்பது மாலையில் ஏறத் தொடங்கி நள்ளிரவை ஒட்டி உச்சத்துக்குப் போகிறது. உண்மையில் ஆழ்ந்த தூக்கத்தில் வளையம் அடிக்கடி தளர்வதில்லை. ஆகவே இரவில் அமிலம் ஏறும் தடவைகள் பகலைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒருமுறை ஏறினால் பல நிமிடங்கள் அங்கேயே கிடக்கும். சவ்வு புண்ணாவதற்கு ஏறிய தடவைகளைவிடத் தங்கிய நேரம்தான் பெரிய காரணம். தொண்டைப் பக்கத்து மேல் வளையமும் தூக்கத்தில் இறுக்கம் குறைந்துபோவதால் சிலருக்கு அது குரல்வளை வரை எட்டிவிடுகிறது. நடுராத்திரி இருமலும் காலையில் கம்மிய குரலும் வருவது அதனால்.

தலைமாட்டை உயர்த்துவது இதில் எந்த இடத்தில் உதவுகிறது? குளியலறைத் தரைக்குக் கொத்தனார் வைக்கிற வாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவுதான்; ஆனாலும் கொட்டிய தண்ணீர் துடைப்பம் தொடாமலே ஓட்டைக்குப் போய்ச் சேரும். கட்டிலின் நீளம் ஆறேகால் அடி, அதாவது எழுபத்தைந்து அங்குலம். தலைமாட்டை ஆறு அங்குலம் தூக்கினால் கிடைக்கும் சாய்வு ஐந்து டிகிரிக்கும் குறைவு. உணவுக்குழாயின் நீளத்துக்குக் கணக்கிட்டால், அந்தச் சாய்வு தருகிற ஏற்ற இறக்கம் சுமார் இரண்டு சென்டிமீட்டர். அமிலம் ஏறுவதை முழுக்கத் தடுக்க இது போதாது. ஏறியது திரும்பி இறங்க இது போதும்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம் நாட்டில். ஸ்ரீநகரில் உள்ள ஷேர்-இ-காஷ்மீர் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் மருத்துவர்கள் 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரவில் அமிலம் ஏறும் தொல்லை உள்ளவர்களை முதல் நாள் சமமான கட்டிலில் படுக்கவைத்து, உணவுக்குழாய்க்குள் மெல்லிய கம்பி விட்டு அமில அளவைப் பதிவு செய்தார்கள். அடுத்த ஆறு இரவும் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 20 சென்டிமீட்டர் கட்டை வைத்துப் படுக்கச் சொன்னார்கள். ஏழாம் நாள் மறுபடி அளந்தார்கள். முழுமையாகப் பங்கெடுத்தவர்கள் 20 பேர். படுத்திருக்கும் நேரத்தில் அமிலம் குழாயில் இருந்த பங்கு 15 சதவீதத்திலிருந்து 13.7 ஆகத்தான் குறைந்தது. ஆனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் தங்கிய தடவைகள் சராசரியாக 3.3-லிருந்து 1 ஆக இறங்கின. 13 பேருக்குத் தூக்கம் மேம்பட்டது.

சிறிய ஆய்வுதான். ஆனால் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். ஏறுவது கொஞ்சம் குறைந்தது. நெடுநேரம் தங்குவது நன்றாகவே குறைந்தது. நோயாளியை எழுப்பி உட்காரவைப்பது அந்த நெடுநேரத் தங்கல்தான்.

இதை ஒரு நோயாளியின் வீட்டில் செய்து பார்த்ததைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஐம்பதைத் தாண்டியவர், மில்லில் இரண்டாம் ஷிப்ட். "டாக்டரம்மா, படுத்தா நெஞ்சு கரிக்குது. மூணு தலகாணி வச்சும் பாத்துட்டேன். கரிப்பு நிக்கல, கழுத்துதான் புடிச்சுக்கிச்சு" என்றார்.

தலையணை அடுக்குவது எல்லோரும் முதலில் செய்து பார்க்கிற வைத்தியம். அதனால் உயர்வது தலையும் கழுத்தும் மட்டும்தான். உணவுக்குழாய் இருக்கிற நெஞ்சு பழையபடி படுக்கையோடு கிடக்கும். கூடுதலாக வைத்தால் உடம்பு இடுப்பருகே மடங்கி வயிறு அழுந்தும்; அழுந்திய வயிறு அமிலத்தை மேலே தள்ளும். போதாததற்கு, தூக்கத்தில் தலையணை நழுவிவிடும். உயர வேண்டியது இடுப்பிலிருந்து தோள் வரை, ஒரே நேர்கோட்டில்.

முதலில் அவருடைய கட்டிலைப் பார்க்க வேண்டும் என்றேன். வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போய்ப் பார்த்தால் நைலான் நாடா பின்னிய கட்டில். நடுவில் தொய்ந்து தொட்டில் மாதிரி ஆகியிருந்தது. இதன் தலைமாட்டை எத்தனை அங்குலம் தூக்கினாலும் உடம்பு குழிக்குள்தான் விழும், சரிவு கிடைக்காது. வீட்டில் தகடு பாவிய இரும்புக் கட்டில் ஒன்று சும்மா கிடந்தது. "அண்ணாச்சி, இனிமே இதுல படுங்க" என்று மாற்றச் சொன்னேன்.

அன்று ராத்திரியே தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் படுக்கைவாக்கில் அடுக்கிவிட்டார். செங்கல் ஒன்றுக்கு மூன்று அங்குலம், இரண்டுக்கு ஆறு என்பது அவர் கணக்கு. டேப் வைத்துப் பார்த்தபோது ஒரு கல் இரண்டேமுக்கால்தான் இருந்தது. அதைவிட முக்கியமானது தரை. வீடு கழுவுகிற தண்ணீர் வாசலுக்கு ஓட வேண்டும் என்று தரைக்கு வாட்டம் விட்டிருந்தார்கள். கட்டிலின் தலைமாடு அந்தப் பள்ளமான பக்கம் இருந்தது. பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிவந்து பார்த்ததில் கட்டில் நீளத்துக்கு ஓர் அங்குலம் சரிவு. ஆக ஆறு என்று நினைத்தது உண்மையில் நாலரை. கட்டிலைத் திருப்பிப் போட்டு, தலைமாட்டை மேட்டுப் பக்கம் கொண்டுவந்தோம். எந்தச் செலவும் இல்லாமல் சரிவு ஆறரை ஆனது.

செங்கல்லை அப்படியே விட மனம் ஒப்பவில்லை. இரும்புக் கால் குறுகலானது. செங்கல்லைக் கடித்துக்கொண்டே இறங்கும், ஒருநாள் புரண்டு படுக்கையில் நழுவிவிடும். ஆசாரியிடம் சொல்லி வேப்பமரத்தில் இரண்டு கட்டை செய்தார். அடிப்பக்கம் ஆறுக்கு ஆறு அங்குலம், உயரம் ஏழு அங்குலம், மேலே கால் உட்காருகிற அளவுக்கு ஓர் அங்குல ஆழக் குழி. கால் குழிக்குள் இறங்கியதும் நிற்கிற உயரம் ஆறு அங்குலம். அடியில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினார், தரையில் வழுக்காமலிருக்க. கட்டிலின் நான்கு மூலையையும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கச் சொன்னேன்.

முதல் இரண்டு மூன்று இரவு அவருக்குப் பிடிக்கவில்லை. காலடிப் பக்கம் வழுக்கிக்கொண்டே போவதாகச் சொன்னார். ரெக்ஸின் உறை போட்ட மெத்தை அது. மேலே கனமான ஜமுக்காளம் விரித்து, தொடைக்கு அடியில் ஒரு சின்னத் துணிச் சுருளும் வைத்த பிறகு நின்றது. அந்த முதல் வாரம் சாப்பாட்டிலோ மாத்திரையிலோ எதையும் மாற்ற வேண்டாம் என்று வேண்டுமென்றே சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாரக் கடைசியில் வந்து, "வரத்தான் செய்யுது டாக்டரம்மா. ஆனா நிக்க மாட்டேங்குது, எறங்கிருது. எந்திரிச்சு உக்கார வேண்டியதில்ல" என்றார். ஸ்ரீநகரில் கருவி வைத்து அளந்ததை அவர் தன் நெஞ்சை வைத்துச் சொன்னார்.

கட்டில் செய்யக்கூடியது அவ்வளவுதான் என்பதும் அதிலேயே தெரிந்தது. இரண்டாவது வாரம் சாப்பாட்டு நேரத்தை எடுத்துக்கொண்டோம். ஷிப்டின் நடுவே ஏழரை மணிக்கு இடைவேளை உண்டு. அதில் டீயும் வடையும் சாப்பிட்டு வந்தார். பெரிய சாப்பாட்டை அந்த நேரத்துக்குத் தூக்குச்சட்டியில் கொண்டுபோகச் சொன்னேன். வீடு திரும்பிப் பசித்தால் இரண்டு இட்லி. எண்ணெய் மிகுந்த உணவு இரைப்பையைவிட்டு இறங்க நாலு மணி நேரம்கூட ஆகும். இறங்கும் வரை வயிறு புடைத்திருக்கும், வளையமும் அடிக்கடி தளரும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி கேட்பது இதற்காகத்தான். சோடாவையும் நிறுத்தினார்.

மாத்திரையிலும் நேரம்தான் சிக்கல். பான்டோப்ரசோல் மாத்திரையைக் காலைக் காப்பியோடு விழுங்கிக்கொண்டிருந்தார். அமிலம் சுரக்கும் செல்கள் சாப்பாட்டுக்காக விழித்து வேலை தொடங்கும்போது அந்த மருந்து ரத்தத்தில் தயாராக இருந்தால்தான் அது பிடிக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டும். தொல்லை ராத்திரி என்பதால் அதை ஏழு மணிக்கு, இடைவேளைச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றினேன். வேறு மாத்திரை எதுவும் கூட்டவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் நடுராத்திரி எழுவது அநேகமாக நின்றுவிட்டது.

எந்தப் பக்கம் சரிந்து படுப்பது என்பதும் இதோடு சேர்ந்தது. இரைப்பையின் பெரிய பகுதி உடம்பின் இடப்பக்கம் தொங்குகிறது. இடது பக்கம் சரிந்து படுத்தால் திரவம் அந்தப் பையில் தங்கி, உணவுக்குழாய் சேருகிற வாய் அதற்கு மேலே நிற்கும். வலது பக்கம் சரிந்தால் வாய் கீழே போய்விடும், திரவம் அதன்மேல் நிற்கும். தூக்கத்தில் புரளாமல் இருக்க யாராலும் முடியாது. ஆனால் படுத்த முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் வயிறு அதிகம் நிறைந்திருக்கும். அந்த நேரம் இடது பக்கமாகக் கண்ணயர்ந்தாலே பாதி பலன் கிடைத்துவிடும். கர்ப்பிணிகளுக்கு இடப்பக்கமும் தலைமாட்டுச் சாய்வும் இரண்டும் நல்லது.

எல்லா வீட்டிலும் கட்டை வைக்க முடியாது. அடியில் பெட்டி வைத்த கட்டிலுக்குத் தனிக் கால்கள் இருக்காது. தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்களும் எங்கள் பக்கம் நிறைய. கட்டில்காரர்கள் சாய்வு மெத்தை வாங்கலாம். உயரமான முனை எட்டு அங்குலம் இருக்க வேண்டும்; சரிவு இடுப்பிலேயே தொடங்கித் தலை வரை போகிற நீளம் வேண்டும். முதுகுக்கு நடுவில் தொடங்குகிற குட்டை மெத்தை, அடுக்கிய தலையணைதான். பாயில் படுக்கிறவர்கள் நாலடி நீள கெட்டியான பிளைவுட் பலகையின் ஒரு முனையைச் செங்கல்மேல் ஏற்றி, மேலே பாயையும் போர்வையையும் விரித்துக்கொள்ளலாம். பலகை நடுவில் வளையாமல் இருக்க அங்கும் ஒரு முட்டுக் கொடுக்க வேண்டும்.

கைக்குழந்தைகளுக்கு மட்டும் இந்த வைத்தியம் கூடாது. பால் கக்குகிறது என்று குழந்தையைச் சாய்வாகப் படுக்கவைத்தால் அது சறுக்கி, கழுத்து மடிந்து மூச்சு அடைபடும் ஆபத்து உண்டு. அவர்களுக்குச் சமதளத்தில் மல்லாந்த படுக்கைதான்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. நெஞ்சில் வருகிற எல்லா எரிச்சலும் இரைப்பையிலிருந்து வருவதில்லை. நடந்தால், படியேறினால் கூடி, நின்றால் குறைகிற எரிச்சலை நான் இருதயத்தின் கணக்கில்தான் முதலில் வைப்பேன். நெஞ்சு அழுத்துகிறது, வேர்க்கிறது, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவுகிறது என்றால் சோடா, இஞ்சிச் சாறு என்று அரை மணி நேரம்கூட வீட்டில் கழிக்கக் கூடாது. நேராக ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ போய் ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் எரிச்சலாகவும் மாரடைப்பு வரும். ஆகவே முதன்முறையாக நெஞ்சு கரிக்கிறது என்று வருகிற நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஈ.சி.ஜி. பார்த்த பிறகுதான் நான் கட்டிலைப் பற்றிப் பேசுவேன்.

விழுங்கும்போது சாப்பாடு அடைக்கிறது, எடை குறைகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, ரத்தம் கலந்து வாந்தி வருகிறது என்றால் கட்டையை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே எண்டோஸ்கோப்பி வேண்டும். இவை எதுவும் இல்லாமல், சரியாக அளந்த ஆறு அங்குலமும் நேரத்தோடு சாப்பாடும் மாத்திரையும் கைக்கொண்டும் ஒரு மாதத்தில் மாற்றம் இல்லையென்றால் முதலில் எட்டு அங்குலமாக்கிப் பார்க்கிறேன். அதற்கும் அசையவில்லை என்றால் வளையம் உதரவிதானத்துக்கு மேலே ஏறிவிட்டதா என்று பார்க்க மதுரைக்கு அனுப்புகிறேன். போட்டுவரும் மற்ற மாத்திரைகளையும் ஒருமுறை விசாரிப்பது நல்லது. ரத்தக்கொதிப்புக்கான அம்லோடிபின் போன்றவை அந்த வளையத்தைத் தளர்த்தக்கூடியவை. அவற்றை நிறுத்துவது நோயாளியின் முடிவாக இருக்கக் கூடாது. எழுதிக் கொடுத்தவரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

நன்றாகத் தூங்கத் தொடங்கியவர்கள் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "கட்டையை எடுத்துறலாமா?" மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க நான் முயல்வதுண்டு. கட்டையை எடுக்கச் சொல்வதில்லை. சாய்வு அந்த வளையத்தைக் குணப்படுத்துவதில்லை. ஏறிய அமிலத்தை அந்தந்த ராத்திரி இறக்கிவிடுகிறது. எடுத்த அன்றே அந்த உதவி நின்றுவிடும். மாத்திரையைக் குறைக்க முடிகிறது என்றால் அதற்கு இடம் கொடுப்பதே அந்தக் கட்டைதான். ஆகவே கட்டை இருக்கட்டும். வீடு மாறும்போது கட்டிலோடு அதையும் ஏற்றிக்கொள்ளுங்கள். புது வீட்டுத் தரை எந்தப் பக்கம் வாட்டம் என்று பார்த்துவிட்டு, மேட்டுப் பக்கம் தலைமாட்டை வையுங்கள்.